அடுப்பு போன பிறகும் ஏட்டில் நிற்கும் பணம்

சிறு கடைகளின் வரவு செலவுக் கணக்கில் உரிமையாளர் கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடும் வரி ஒன்று உண்டு. அது தேய்மானம். மார்ச் முடிந்ததும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு தொகையைப் போடுகிறார்கள், லாபம் அந்த அளவுக்குக் குறைகிறது, வரியும் கொஞ்சம் குறைகிறது. அந்தத் தொகை எந்த முறையில் வந்தது, நம் இயந்திரத்தின் ஆயுளுக்கும் அதற்கும் ஏதாவது பொருத்தம் உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை.

முறைகள் இரண்டு. நேர்க்கோட்டு முறையில், வாங்கிய விலையிலிருந்து கடைசியில் கிடைக்கக்கூடிய பழைய விலையைக் கழித்து, மீதியை ஆயுளால் வகுத்து, ஆண்டுதோறும் ஒரே தொகையை எழுதுகிறோம். குறைந்து செல் மதிப்பு முறையில், ஏட்டில் மீதமிருக்கும் மதிப்பின் மீது ஒரு சதவீதம் போடுகிறோம். மதிப்பு இறங்க இறங்கத் தேய்மானமும் இறங்கும்.

வருமான வரியைப் பொறுத்தவரை கடைக்காரருக்கு இதில் தேர்வே கிடையாது. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும் நேர்க்கோட்டு முறைக்கு இடம் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் குறைந்து செல் மதிப்பு முறைதான். பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40, மேசை நாற்காலி வகைக்கு 10. ஆனால் தனி உரிமையாளர் தன் சொந்தக் கணக்கில் எந்த முறையையும் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. இரண்டு கணக்கு எதற்கு என்று வரிக்கான விகிதத்தையே கடைக் கணக்கிலும் ஏற்றிவிடுகிறார்கள். என் ஆட்சேபம் அங்கேதான்.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. நீங்கலாக 4 லட்ச ரூபாய்க்கு ஓர் அடுப்பு வாங்குகிறார்கள். வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும் கடை என்றால் அடக்க விலை இந்த 4 லட்சம்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவு கிடைக்காததால், கட்டிய வரியும் விலையோடு சேரும். இரவும் பகலும் எரிகிற அடுப்பு எட்டு ஆண்டு உழைக்கும், பிறகு 40,000 ரூபாய்க்குப் போகும் என்று உரிமையாளர் அனுபவத்தில் மதிப்பிடுகிறார். நேர்க்கோட்டு முறையில் 3,60,000-ஐ எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 45,000.

இதையே 15 சதவீதத்தில் போட்டால் முதல் ஆண்டு 60,000 வருகிறது. அடுத்த ஆண்டு 51,000, மூன்றாம் ஆண்டு 43,350. எட்டாம் ஆண்டில் 19,234 ரூபாய்க்கு இறங்கிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளைப் பார்த்து, இந்த முறை வேகமாகக் கழிக்கிறது, எச்சரிக்கையான முறை என்று எல்லோரும் நம்புகிறார்கள். கணக்கை முடிவுவரை ஓட்டிப் பார்த்தால் நிலைமை தலைகீழ். எட்டு ஆண்டு முடிவில் அடுப்பு ஏட்டில் 1,08,996 ரூபாய்க்கு நிற்கிறது. கையில் கிடைக்கப்போவதோ 40,000. எட்டு ஆண்டில் 40,000-க்குக் கொண்டுவர வேண்டுமானால் ஏறக்குறைய 25 சதவீதம் போட்டிருக்க வேண்டும். வேகம் முறையில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. 15 சதவீதம் என்பது உங்கள் அடுப்பைப் பார்த்து வைத்த எண் அல்ல; நாட்டிலுள்ள பலவகை இயந்திரங்களுக்கும் சேர்த்து வைத்த எண்.

இதைவிட விசித்திரம் அடுப்பை விற்கும்போது நடக்கிறது. வரிச் சட்டம் இயந்திரங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே விகிதமுள்ளவை எல்லாம் ஒரே தொகுப்பு. பழைய அடுப்பு 40,000-க்குப் போனால் அந்தத் தொகை தொகுப்பிலிருந்து கழிகிறது. புதிய அடுப்பின் விலை தொகுப்பில் சேர்கிறது. இடையிலுள்ள 68,996 ரூபாய் தொகுப்புக்குள்ளேயே தங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 15 சதவீதமாகக் கரைந்துகொண்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் உருகிப்போன அடுப்புக்கு நீங்கள் பல ஆண்டுகள் தேய்மானம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். வரிக்கு இது செல்லும். கடைக் கணக்கில் அது விற்ற ஆண்டின் நஷ்டம். அந்த ஆண்டே எழுதியிருக்க வேண்டியது. எழுதாவிட்டால் சொத்துப் பக்கத்தில் இல்லாத பொருள் ஒன்று இருப்பதாகக் காட்டுகிறோம். கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்காரர் படிப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

குறைந்து செல் முறைக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இயந்திரம் பழையதாக ஆகப் பழுதுச் செலவு ஏறும். பர்னர், தெர்மோஸ்டாட், மோட்டார் பேரிங், கதவு ரப்பர் என்று கடைசி ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். முன்பாதியில் தேய்மானம் அதிகம், பின்பாதியில் பழுது அதிகம். இரண்டையும் கூட்டினால் ஆண்டுச் செலவு ஓரளவு சமமாக வரும் என்பார்கள். சரிதான், ஆனால் விகிதம் ஆயுளுக்குப் பொருந்தினால் மட்டும். கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிறது. பில் போடும் 50,000 ரூபாய்க் கம்ப்யூட்டர் 40 சதவீதத்தில் மூன்றே ஆண்டில் 10,800-க்கு இறங்கிவிடும். சந்தையிலும் ஏறக்குறைய அதே கதிதான். அடுப்புக்குப் பொருந்தவில்லை.

உரிமையாளருக்கு இதனால் என்ன நஷ்டம்? ஆண்டுக்கு 360 நாள் கடை திறந்தால், நேர்க்கோட்டு முறையில் அடுப்பின் கூலி நாளுக்கு 125 ரூபாய். 15 சதவீதக் கணக்கில் முதல் ஆண்டு நாளுக்கு 167 ரூபாய், எட்டாம் ஆண்டு 53. ஒரு பன்னின் விலையில் இது சில பைசா விவகாரம், ஒப்புக்கொள்கிறேன். விலை நிர்ணயத்தைவிட லாபத்தைப் படிப்பதில்தான் அடி விழுகிறது. அடுப்பு சாகப்போகும் ஆண்டில்தான் தேய்மானம் மிகக் குறைவு, ஆகவே லாபம் கொழுத்துத் தெரியும். அந்த லாபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிறகு அடுப்பு நிற்கும். தேய்மானம் எழுதுவதால் பெட்டியில் பணம் சேராது என்பது தனிக்கதை. ஆனால் மாதம் 3,750 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமாவது நேர்க்கோட்டு முறையில் வரும். புதிய அடுப்பின் விலை ஏறியிருக்கும் என்பதால் அதுவும் போதாது.

எட்டு ஆண்டு என்பது ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான். நான்காம் ஆண்டில் அடுப்பு எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தால், மீதி மதிப்பை மீதி ஆயுளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். சொந்தக் கணக்கில் அந்த வசதி உண்டு, வரி விகிதத்தில் இல்லை.

வரி விஷயத்தில் கவனிக்க இரண்டு உண்டு. இயந்திரம் வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான். தீபாவளி நெருக்கத்தில், அக்டோபர் நடுவில் அடுப்பைப் பற்றவைப்பவருக்கு 60,000 அல்ல, 30,000. பில் தேதி முன்னால் இருந்தாலும் பயன்பாட்டுக்கு வந்த நாள்தான் கணக்கு. அடுத்தது, அனுமான வருமானத் திட்டத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் கடைகள். அவற்றுக்குத் தேய்மானம் தனியாகக் கழிவதில்லை; ஆனால் கழித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஐந்து ஆண்டு கழித்து முழுக் கணக்குக்கு மாறினால், பழைய 4 லட்சத்திலிருந்து ஆரம்பிக்க முடியாது.

ஆகவே வரிக் கணக்கை 15 சதவீதத்தோடு அப்படியே விடுங்கள். கடைக் கணக்கில் அடுப்பு, மிக்ஸர், ஃபிரீசர் போன்ற நீண்ட நாள் உழைப்பவற்றுக்கு நேர்க்கோட்டு முறையை வையுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரே தாள் போதும். இந்த ஆண்டு கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் சொத்துப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இயந்திரமும் எந்த நாளில், என்ன விலைக்கு வந்தது, இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அதில் இருக்க வேண்டும். கடையில் இல்லாத இயந்திரம் அந்தப் பட்டியலில் இருந்தால், முதலில் அதை அடித்துவிட்டு நஷ்டத்தை எழுதச் சொல்லுங்கள்.