7.65 என்பது ஓர் அளவல்ல

2020 ஜனவரி 8 அன்று இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். பாறசாலைக்கு மிக அருகில், இரு மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. கொலைக்குப் பயன்பட்ட கைத்துப்பாக்கி அதே மாதத்தில் எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கழிவுநீர் ஓடையிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் எல்லையின் இருபுறத்து நாளேடுகளும் துப்பாக்கிகளைப் பற்றி ஏராளமாக எழுதின. எந்த நாட்டுத் தயாரிப்பு, யார் பயன்படுத்துவது, எத்தனை குண்டுகள் என்றெல்லாம் பேசப்பட்டது. அந்தத் துப்பாக்கியின் அறை எந்தத் தோட்டாவுக்காகக் கடையப்பட்டது என்ற ஒரே கேள்விதான் உண்மையில் எதையேனும் நிறுவக்கூடியது. அது மட்டும் பேச்சில் இடம்பெறவில்லை.

இது நாளேடுகளின் குறை மட்டுமன்று. குற்றவியல், சட்டம், சமகால வரலாறு ஆகிய துறைகளின் கட்டுரைகளிலும் «7.65 துப்பாக்கி», «.32 குண்டு» என்ற சொற்கள் கைரேகைக்கு நிகரான அடையாளம்போல் எழுதப்பட்டு வருகின்றன. எண் ஒன்றாயின் ஆயுதம் ஒன்று, ஆயுதம் ஒன்றாயின் கை ஒன்று என்று வாதம் வழுக்கிச் செல்கிறது. இந்த வழுக்கலின் அடியில் கிடப்பது ஒரு தவறான நம்பிக்கை: துப்பாக்கியின் எண் ஓர் அளவு என்ற நம்பிக்கை. அது அளவல்ல, பெயர்.

எல்லைக் கிராமத்தாருக்கு இதை விளக்குவது எளிது. தமிழர் பாறசாலை என்பதை மலையாளிகள் பாறஶ்ஶால என்கின்றனர், ஊர் ஒன்றே. களியக்காவிளையும் களியலும் காதுக்கு அண்டை வீடுகள்போல் ஒலிக்கின்றன. ஆனால் ஒன்றுக்குச் செல்லும் பேருந்தில் ஏறியவர் மற்றதில் இறங்க முடியாது. தோட்டாக்களின் பெயர்களில் இவ்விரு குழப்பங்களும் ஒருசேர உண்டு. ஒரே தோட்டாவுக்கு இரு பெயர்கள். ஒரே பெயரில் பல தோட்டாக்கள்.

முதலில் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சுழற்பள்ளம் வெட்டப்பட்ட குழலின் உட்புறம் வழவழப்பான உருளையன்று. அங்கே பள்ளங்களும் அவற்றினிடையே மேடுகளும் உள்ளன. ஒரு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்தால் ஒரு விட்டம் கிடைக்கும். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் அதைவிடப் பெரிய விட்டம் கிடைக்கும். குண்டு இந்த இரண்டாவது அளவை ஒட்டியே வார்க்கப்படுகிறது. அப்போதுதான் மேடுகள் அதைக் கவ்விச் சுழற்ற முடியும். உற்பத்தியாளர் எந்த விட்டத்தைப் பெயராக வைத்தார், அதை எப்படி முழுமையாக்கினார் என்பது அவரவர் வழக்கம், அவரவர் வணிகம்.

இந்தியாவில் உரிமம் பெற்றோர் வாங்கக்கூடிய .32 தானியங்கிக் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் தோட்டாவுக்கு ஐரோப்பியப் பெயர் 7.65 பிரௌனிங், அமெரிக்கப் பெயர்.32 ஆட்டோ. ஓர் அங்குலத்தில் .32 பங்கு என்பது 8.13 மில்லிமீட்டர். அந்தத் தோட்டாவின் குண்டை நுண்ணளவியால் அளந்தால் ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர் வரும். அதாவது குண்டு 7.65ம் அல்ல, .32ம் அல்ல, இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. ஒரே பொருளின் மீது ஒட்டப்பட்ட இரண்டு எண்களில் எதுவும் அந்தக் குண்டின் அளவாக இல்லாதபோது, அவற்றை அளவென்று எழுதுவது எவ்வகை அறிவியல்?

குழப்பம் இத்துடன் முடிவதில்லை. நம் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் .32 சுழல்துப்பாக்கியும் செய்கின்றன. ரிவால்வர் என்று எல்லோரும் அழைக்கும் அந்த ஆயுதத்தின் தோட்டா ஸ்மித் அண்ட் வெஸன் லாங் எனப்படுவது. அதன் குண்டும் ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர்தான். ஆகவே அதற்கும் .32 என்றும் 7.65 என்றும் பெயர் வழங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பலர் தேவையற்றதென்று வெட்டியெறியும் இரண்டாம் எண்ணில் இருக்கிறது. கைத்துப்பாக்கியின் தோட்டா 7.65×17. சுழல்துப்பாக்கியின் தோட்டா 7.65×23. பெருக்கல் குறிக்குப் பின்னுள்ளது பித்தளை உறையின் நீளம். லூகர் துப்பாக்கிக்காகப் பிறந்த 7.65×21 வேறொன்று, அதன் உறை கழுத்து ஒடுங்கியது. பெல்ஜியமும் அர்ஜென்டினாவும் ஒருகாலத்தில் படைக்கு எடுத்த மௌசர் ரைபிளின் தோட்டா 7.65×53. முதலாவது சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கிக்கு உரியது. கடைசியானது போர்க்களத்து நெடுந்துப்பாக்கிக்கு உரியது. முதல் எண் நான்குக்கும் பொது.

அப்படியானால் ஒன்றை மற்றதில் இட்டால் என்ன ஆகும்? தோட்டா உள்ளே நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று எண்ணுவதே இதில் மிக ஆபத்தான அறியாமை. 7.65×17 தோட்டாவின் அடியில் சிறு விளிம்பு உண்டு. அது உறையைவிடச் சற்றே அகன்றது. அந்த விளிம்பின் காரணமாக அது சில .32 சுழல்துப்பாக்கிகளின் அறையில் விழுந்து நிற்கவும் கூடும். ஆனால் சுழல்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 20,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் அழுத்தத்தை, அதற்கென வடிக்கப்படாத ஓர் உருளை தாங்க வேண்டியிருக்கிறது. விளிம்பும் முழுமையாக அமர்வதில்லை. சுட்ட பின் உறை ஒருபுறம் வீங்கியிருப்பதும், அடியில் பிளவு தெரிவதும், வெடிக்குமிழ் பின்னோக்கிப் பிதுங்கியிருப்பதும் தவறான சேர்க்கையின் அறிகுறிகள். பழைய ஆயுதமாயின் அறிகுறிக்குக் காத்திராமல் உருளையே பிளக்கலாம்.

வேட்டைத் துப்பாக்கியில் இது இன்னும் கொடியது. அங்கே எண்ணின் கணக்கே தலைகீழ். பன்னிரண்டு போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம். அது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது போர் என்றால் இருபது உருண்டைகள், ஆகவே 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் குழல் சிறுக்கும். 2022 மே மாதத்தில், ஊருக்குள் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கக் கேரள அரசு முடிவெடுத்தது. நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே வெள்ளறடை, அம்பூரி போன்ற மலையடிவாரத்து ஊர்களில் அது வெறும் செய்தியன்று; மரச்சீனித் தோட்டம் வைத்திருப்போரின் அன்றாட விவகாரம். அத்தகைய வீடுகளில் பாட்டனார் காலத்து இரட்டைக்குழலும், பெயர் அழிந்த பெட்டியில் கலந்து கிடக்கும் தோட்டாக்களும் இருந்தால் போதும்.

நிகழ்வது இதுதான். இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் அறையில் தடையின்றிச் சறுக்கிச் சென்று, அறை ஒடுங்கிக் குழலாகும் இடத்தில் விளிம்பு மாட்டி நின்றுவிடும். விசையை இழுத்தால் ஊசிக்கு எட்டாது, சத்தமில்லை. சுடுபவர் திறந்து பார்க்கிறார்; அறை வெறுமையாகத் தெரிகிறது. ஏற்ற மறந்துவிட்டோம் என்று சரியான பன்னிரண்டு போர் தோட்டாவை வைத்து மூடிச் சுடுகிறார். முன்னால் அடைத்து நிற்கும் முழுத் தோட்டாவின் மீது பின்னது வெடிக்கிறது. குழல் பிளப்பது அறைக்குச் சற்று முன்னே, அதாவது இடக்கை தாங்கிப் பிடிக்கும் இடத்தில். இருபது போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்யும் உலக வழக்கம் இதைத் தடுக்கவே வந்தது. ஆனால் பழைய சரக்குக்கு நிற ஒழுங்கு கிடையாது, இருட்டில் நிறமும் கிடையாது. சுடாமல் போன குழலை ஒளிக்கு நேரே பிடித்து முழுவதும் பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது.

எண்ணை நம்பக்கூடாது என்பதை நாளேடுகளும் ஆய்வேடுகளும் அறியாமலிருக்கலாம். சட்டம் அறிந்திருந்தது. 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைப் பொறுமையாகப் படிப்போர் இதைக் காணலாம். .303, 7.62 ரைபிள்களைக் கட்டுப்படுத்தும் அந்த வரி அவ்வெண்களோடு நின்றுவிடவில்லை. அந்தப் படைத் தோட்டாக்களை அறையில் ஏற்றிச் சுடக்கூடிய வேறு எந்தத் துளையளவையும் சேர்த்துக்கொண்டது. .410 மஸ்கட்டைக் குறிப்பிட்டபோதும் வெறுமனே .410 என்று சொல்லாமல் மஸ்கட் தோட்டா என்றே சொன்னது. காரணம் உண்டு. இஷாப்பூரில் காவல் பணிக்காக லீ-என்ஃபீல்டு ரைபிளின் குழலை வழவழப்பாக்கிச் செய்த அந்த மஸ்கட்டின் தோட்டா, .303 உறையின் கழுத்தை ஒடுக்காமல் விட்டு உருவாக்கப்பட்டது. கடையில் விற்கும் .410 பறவைச்சுடு தோட்டாவுக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. அதே வரியில் .380, .455 ஆகியவற்றுடன் விளிம்புடைய தோட்டா என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சொல் அலங்காரமன்று. பிரிட்டிஷ் படைச் சுழல்துப்பாக்கியின் .380 விளிம்புடையது; .380 ஆட்டோ எனப்படும் கைத்துப்பாக்கித் தோட்டா துருத்தும் விளிம்பற்றது, குட்டையானது. ஒரு பெயரடையை விட்டுவிட்டால் சட்டம் வேறு பொருளைச் சுட்டியிருக்கும். அந்த வரியை எழுதிய எழுத்தருக்கு இருந்த கவனம் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இல்லாமற்போனதற்கு யார் பொறுப்பு?

எண் ஒன்றே போதும் என்போர் அடிக்கடி காட்டும் சான்று கல்புர்கி, கௌரி லங்கேஷ் கொலைகள். 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடிலும் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரிலும் நடந்த அக்கொலைகளில் 7.65 நாட்டுத் துப்பாக்கி பயன்பட்டது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே துப்பாக்கி என்ற முடிவுக்குத் தடய அறிவியல் ஆய்வகம் எண்ணைக் கொண்டு வரவில்லை. கிடைத்த உறைகளையும் குண்டுகளையும் நுண்ணோக்கியின் கீழ் அருகருகே வைத்து, அவற்றில் ஆயுதம் விட்டுச்சென்ற தனித்த வடுக்களை ஒப்பிட்டே அந்த முடிவு சொல்லப்பட்டது. எண் செய்யும் வேலை விலக்குவது: 7.65×17 உறை கிடந்த இடத்தில் 9 மில்லிமீட்டர் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று அது கூறும். இன்ன துப்பாக்கி என்று சுட்டிக்காட்ட அதற்கு வலிமையில்லை.

ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையோ கைப்பற்றல் மகஜரோ தோட்டாவைப் பதிவு செய்யும்போது முழுப் பெயர், உறையின் நீளம், விளிம்பு உண்டா இல்லையா, அடியில் பொறித்துள்ள எழுத்துகள் ஆகிய நான்கும் பொறித்தவாறே எழுதப்பட வேண்டும். உறை கிடைக்காமல் குண்டு மட்டும் கிடைத்திருந்தால் அதன் விட்டத்தையும் எடையையும் எழுதி, இந்த விட்டத்துக்குரிய தோட்டாக்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். சிதைந்த குண்டின் விட்டத்தை வைத்து.32 ஆட்டோவா லாங்கா என்று எவராலும் உறுதிகூற இயலாது.