பாதி போட்ட பாதைக்கே முதல் பணம்

2014 ஜூலையில் ரயில்வே பட்ஜெட்டைத் தாக்கல் செய்த அமைச்சர் சதானந்த கௌடா ஒரு கணக்கைச் சொன்னார். முப்பது ஆண்டுகளில் 1,57,883 கோடி ரூபாய் மதிப்பில் 676 திட்டங்களுக்கு அனுமதி தரப்பட்டது, முடிந்தவை 317, மீதி 359 திட்டங்களை முடிக்க இனி 1,82,000 கோடி தேவை. மொத்தத் திட்டங்களுக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பீட்டைவிட, முடியாமல் கிடப்பவற்றுக்கே அதிகம் வேண்டியிருந்தது. பணம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இருந்ததை எதற்கு முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்காமல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்ததன் பலன் இது. பட்டியலில் உயிரோடு வைத்திருப்பதற்காகவே ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்படும் பாதைகளைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நன்றாகவே அறிவார்கள்.

கிள்ளிக் கொடுப்பதன் விலையை ஒரு கற்பனைத் திட்டத்தில் பார்க்கலாம். இன்று 60 கோடி போட்டால், வருங்கால வரவுகள் இன்றைய மதிப்பில் 84 கோடி. வட்டிக் கணக்குக்கு 10 சதவீதம் என்று கொள்வோம். நிகர லாபம் 24 கோடி. வரவை முதலீட்டால் வகுத்தால் கிடைக்கும் லாபக் குறியீடு 1.4. அதே 60 கோடியை இன்று தொடங்கி ஆண்டுக்கு 15 கோடி என்று நான்கு தவணையாகக் கொடுத்தால் வரவு மூன்று ஆண்டு தள்ளிப்போய் 63 கோடியாகச் சுருங்குகிறது. செலவும் தள்ளிப்போவதால் அதன் இன்றைய மதிப்பு 52 கோடிதான். ஆனாலும் லாபம் 11 கோடிக்கு இறங்கிவிடுகிறது. சிமென்ட், இரும்பு, நில விலை ஏறிச் செலவு 20 சதவீதம் கூடினால் லாபம் அநேகமாகப் பூஜ்யம். திட்டத்தில் குறையில்லை, பணம் கொடுத்த விதமே அதைக் கெடுத்தது.

ஆகவே நிதி குறைவாக இருக்கும்போது பார்க்க வேண்டியது, எந்தத் திட்டம் பெரிய லாபம் தருகிறது என்பதல்ல. ஒவ்வொரு ரூபாய்க்கும் எது அதிகம் தருகிறது என்பது. கையில் 100 கோடி இருக்கிறது. ஒரு திட்டம் 100 கோடியில் 30 கோடி லாபம் தருகிறது. மேலே சொன்ன 60 கோடித் திட்டத்தோடு, 14 கோடி லாபம் தரும் 40 கோடித் திட்டத்தைச் சேர்த்தால் அதே பணத்தில் 38 கோடி. இதை லாபக் குறியீடுதான் காட்டிக்கொடுக்கிறது. அதற்கும் வரம்பு உண்டு. 20 கோடியில் 10 கோடி லாபம் தரும் நான்காவது திட்டம் வந்தால் அதன் குறியீடு 1.5, முதலிடம். வரிசைப்படி அதையும் 60 கோடித் திட்டத்தையும் எடுத்தால் லாபம் 34 கோடி. 20 கோடி சும்மா கிடக்கும். பாதைகளைப் பாதியாக வெட்ட முடியாது என்பதால் வரிசையோடு நிற்காமல், எந்தச் சேர்க்கை அதிகம் தருகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

வட்டியைக் கழித்துக்கொண்டு போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கணக்கை அதிகாரிகள் விரும்புவார்கள், விளக்குவது எளிது. ஆனால் முதல் திரும்பிய பிறகு வரும் வரவு எதையும் அது பார்ப்பதில்லை. 50 கோடி போட்டு ஆண்டுக்கு 20 கோடி வீதம் நான்கே ஆண்டு வருமானம் தரும் திட்டத்தின் முதல் மூன்றாண்டு முடிந்த கையோடு திரும்பிவிடும். ஆண்டுக்கு 12 கோடி வீதம் பதினைந்து ஆண்டு தருவதோ முதலைத் திருப்ப ஆறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். குறியீடு முன்னதற்கு 1.27, பின்னதற்கு 1.83. பல பத்தாண்டுகள் ஓடும் தண்டவாளத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது; எதிர்காலப் போக்குவரத்து மதிப்பீட்டை நம்ப முடியாத இடத்தில் எச்சரிக்கையாக மட்டும் உதவும்.

முடியாத திட்டங்களுக்கு வருவோம். 60 கோடியில் 45 கோடி செலவாகிவிட்டது என்றால் அது போன பணம். ஓராண்டில் முடியுமானால் மீதி 15 கோடிக்கு எதிரே நிற்பது இன்றைய மதிப்பில் 76 கோடி வரவு. குறியீடு ஐந்துக்கு மேல். புதிதாக அறிவிக்கப்படும் எந்தப் பாதையும் இதனோடு போட்டியிட முடியாது. மீதிச் செலவின் மேல் குறியீடு போட்டு, முடியும் நிலையில் இருப்பவற்றுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டுத்தான் புதிய அறிவிப்பு என்பதே நம் கோரிக்கை. இதே கணக்கில் மீதிச் செலவுக்குக்கூட வரவு ஈடாகாத திட்டம் வந்தால், 45 கோடி போட்டோமே என்று இழுத்துக்கொண்டிருக்காமல் கைவிடவும் வேண்டும்.

லாபக் கணக்கு பார்த்தால் பின்தங்கிய மாவட்டத்துக்கு ரயிலே வராது என்பார்கள். நியாயமான கவலை. அதற்குத் தனி நிதி ஒதுக்கி, மானியம் என்றே பெயரிட்டு, ஒரு கோடிக்கு எத்தனை மக்களுக்குப் பாதை கிடைக்கிறது என்று அதற்குள் வரிசைப்படுத்தலாம். வணிகத் திட்டம் என்ற பெயரில் ஆயிரம் ரூபாய் கொடுத்து இருபது ஆண்டு காக்க வைப்பதால் அந்த மாவட்டத்துக்கு என்ன கிடைத்தது? இப்போது பணத்துக்குப் பஞ்சமில்லை, 2024-25இல் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு 2.5 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கியாயிற்று என்பது இன்னொரு வாதம். ஒதுக்கீடு பெருகினால் அனுமதிப் பட்டியலும் நீளும். வெட்டுக்கோடு கொஞ்சம் கீழே இறங்குமே தவிர மறையாது. வரவு மதிப்பீடுகளை வேண்டுமென்றே ஊதிக் காட்டுவார்கள் என்ற ஆட்சேபம்தான் உண்மையில் கனமானது. அதற்காகவே ஒவ்வொரு திட்டத்தின் மீதிச் செலவு, எதிர்பார்க்கும் போக்குவரத்து, குறியீடு மூன்றையும் பட்ஜெட் ஆவணத்தில் ஒதுக்கீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பாதை திறந்த ஐந்தாம் ஆண்டில் உண்மையில் ஓடிய போக்குவரத்தையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.