கடைசி வேலை நாள் எது?



கோவையில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் நம் வாசகி ஒருவர், தன் ராஜினாமா மின்னஞ்சலின் வரைவை அனுப்பியிருந்தார். "யார் மனசும் நோகாம கிளம்பணும் சார், நோட்டீஸ் விஷயத்துலயும் குழப்பம் வரக் கூடாது. கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்று கேட்டிருந்தார். அவர் சம்மதத்தோடு அதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மூலம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொல்கிறேன்.

"ராஜினாமா செய்யலாம் என்று யோசிக்கிறேன்" என்று ஆரம்பித்திருந்தார். பணிவாக எழுத நினைத்து எழுதிய வரிதான். ஆனால் மேலாளர் இதைப் படித்தால், சம்பளம் கூட்டிக் கேட்கிறார் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். "பேசிக்கலாம்மா" என்று ஒரு வாரம் ஓடிவிடும். அந்த வாரம் நோட்டீஸ் கணக்கில் சேருமா என்பதில் பிறகு தகராறு வரும். ஆகவே, "இந்த மின்னஞ்சல் வழியாக ராஜினாமா செய்கிறேன்" என்று மாற்றினோம்.

அடுத்த வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. "இரண்டு மாதத்தில், அல்லது உங்களுக்கு வசதிப்படும்போது விடுவியுங்கள். முன்னதாக விடுவித்தாலும் மகிழ்ச்சியே." அவருடைய பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் இருப்பது இரண்டு மாதம் அல்ல, 60 நாட்கள், விடுமுறைகளும் சேர்த்து. ஜூன் 2, திங்கட்கிழமை அனுப்புகிறார். அன்றைய தினத்தையும் சேர்த்தால் 60ஆவது நாள் ஜூலை 31. மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 1. இரண்டு மாதம் என்றால் அதற்கும் ஒரு நாள் தள்ளிப் போகலாம். புது நிறுவனத்தில் ஆகஸ்ட் 4 அன்று சேர வேண்டிய பெண்ணுக்கு இந்த ஒன்றிரண்டு நாள் சின்ன விஷயமில்லை. அதனால் நாட்களின் எண்ணிக்கையோடு கடைசி வேலை நாளின் தேதியையும் எழுதச் சொன்னேன்.

'முன்னதாக விடுவித்தாலும் மகிழ்ச்சி' என்பதை முழுவதுமாக எடுத்துவிட்டோம். அவர் வேலையில் சேர்ந்தது ஜூலை 14. இந்த ஜூலை 13இல்தான் ஐந்து ஆண்டு முடிகிறது. பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுண்டு. ஆனாலும் முழு ஐந்தாண்டு ஆனால்தான் தருவோம் என்று நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்துக் கணக்கிடுவார்கள். கணக்கில் வரும் ஊதியம் 52,000 என்றால் ஆண்டுக்கு 30,000, ஐந்தாண்டுக்கு ஒன்றரை லட்சம். மரியாதைக்காக எழுதிய ஒரு வரியை வைத்து ஜூன் கடைசியிலேயே அவரை விடுவித்திருந்தால், அந்தப் பணத்துக்காக அவர் வாதாட வேண்டியிருந்திருக்கும்.

தேதியை இவ்வளவு கறாராக எழுதினால் பாசம் குறைந்துவிடாதா என்று கேட்டார். குறையாது, அதற்கு வேறு பத்தி இருக்கிறது. அவர் எழுதியிருந்த 'இனிய நினைவுகள்', 'மறக்க முடியாத பயணம்' இரண்டையும் யார் வேண்டுமானாலும் யாருக்கும் எழுதலாம். "அந்த மேலாளர் உங்களுக்கு என்னம்மா செய்தார்?" என்று கேட்டேன். உடனே ஒன்றைச் சொன்னார். அதையே எழுதவைத்தோம். மூன்றாவது பத்தியில் சம்பள உயர்வு குறித்து ஒரு சின்ன வருத்தம் இருந்தது. நியாயமான வருத்தம்தான், மேலாளரிடம் நேரில் சொல்லலாம், கோப்பில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டாம். கடைசியில் இப்படி ஆயிற்று:

"இந்த மின்னஞ்சல் வழியாக என் பணியை ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதத்தின்படி 60 நாள் நோட்டீஸ் இன்று, ஜூன் 2இல் தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் ஜூலை 31, வியாழக்கிழமை. பணப் பட்டுவாடா சர்வர் நின்றுபோன இரவில், தவறு என் மாற்றத்தால் வந்தது என்று தெரிந்தும், விடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுக்கொடுத்தீர்கள். அந்தப் பாடத்தோடுதான் போகிறேன். தினசரிக் கணக்குச் சரிபார்ப்பு வேலைக்கான குறிப்புகளை ஜூன் 20க்குள் எழுதி முடித்து, ஜூலையில் நீங்கள் சொல்பவருக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். கடைசி வேலை நாளை உறுதிசெய்து பதில் அனுப்ப வேண்டுகிறேன்."

'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்ற வாக்கியமும் போய்விட்டது. புது வேலையில் உட்கார்ந்துகொண்டு காப்பாற்ற முடியாத வாக்கு அது.

காலையில் மேலாளரிடம் முதலில் நேரில் சொல்லிவிட்டு, மனிதவளப் பிரிவுக்கும் நகல் போட்டு அனுப்பினார். நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் அதே தேதியைப் பதிந்தார். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாளன்றே மூடப்பட்டுவிடும் என்பதால், ராஜினாமா கடிதத்தின் நகலைத் தன் வசம் வைத்துக்கொண்டார். மாலையில் மேலாளரிடமிருந்து பதில் வந்தது: "ஜூலை 31, சரி. அந்த ராத்திரியை நானும் மறக்கலம்மா."

அன்புடன்,
ஆசிரியர்