இரண்டு சிலிண்டர் கணக்குதான் கான்பான்... உங்கள் யூனிட்டுக்கு எத்தனை அட்டை வேண்டும்?

வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் இருந்தால் என்ன செய்வோம்? ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு, உடனே புக் பண்ணுவோம். காலி சிலிண்டர்தான் நமக்கு ஞாபகமூட்டல். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ தொழிற்சாலையில் கொண்டுவந்த ‘கான்பான்’ அட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கோவையில் தினமும் 60 டேபிள் டாப் கிரைண்டர் அசெம்பிள் செய்யும் சின்ன யூனிட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எவர்சில்வர் டிரம், பக்கத்துப் பட்டறையிலிருந்து வருகிறது. ஒரு டிராலிக்கு 24 டிரம், டிராலிக்கு ஓர் அட்டை. அதில் பொருளின் பெயர், எண்ணிக்கை, எங்கிருந்து வரும், எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கும். டிராலியிலிருந்து முதல் டிரம்மை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பட்டறைக்கு அதுதான் ஆர்டர். அட்டை வராமல் ஒரு டிரம்கூடச் செய்யக் கூடாது.

சரி, எத்தனை அட்டை? ஒரு நாள் தேவையை, சரக்கு திரும்பி வர ஆகும் நாள்களால் பெருக்குங்கள். அதோடு 20 சதவிகிதம் பாதுகாப்புக்குச் சேர்த்து, டிராலி கொள்ளளவால் வகுங்கள். மிச்சம் வந்தால் அடுத்த முழு எண்.

பலர் சறுக்குவது அந்த ‘நாள்’ கணக்கில். “ஒரே நாளில் கொடுத்திடுவேன் சார்” என்பார் பட்டறைக்காரர். பொய்யில்லை, அவர் செய்ய ஆவது ஒரு நாள்தான். ஆனால், அட்டை பெட்டியில் அரை நாள் காத்திருக்கிறது. வண்டியில் வந்து, செக்கிங் முடிந்து இடத்துக்குப் போக இன்னோர் அரை நாள். ஆக, இரண்டு நாள்.

60 x 2 = 120. 20 சதவிகிதம் சேர்த்தால் 144. அதை 24-ஆல் வகுத்தால் 6 அட்டை. பட்டறைக்காரர் சொன்ன ஒரு நாளை வைத்துப் போட்டிருந்தால் 3 அட்டைதான் வந்திருக்கும். மூன்று டிராலி இரண்டு நாளுக்கு ஒருமுறை சுற்றினால் நாளுக்கு 36 டிரம்தான் கிடைக்கும். தேவையோ 60. மதியத்துக்குள் லைன் நின்றுவிடும், ஆனால் ஆள்களுக்கு முழு நாள் கூலி தந்தாக வேண்டும். அதற்குப் பயந்து 12 அட்டை போட்டால், முதலீடு டிரம்மாக மூலையில் உட்கார்ந்திருக்கும்.

தீபாவளிக்கு உற்பத்தி 90 ஆனால் 9 அட்டை தேவை. கூடுதல் மூன்றையும் வேறு நிறத்தில், கடைசித் தேதி எழுதிப் போடுங்கள். பண்டிகை முடிந்ததும் மறக்காமல் திரும்ப எடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்!

வாரம் ஒருமுறை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். யாராவது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டால், ஒரு டிராலி சத்தமில்லாமல் சுற்றிலிருந்து காணாமல் போய்விடும். மாறாக, எப்போது பார்த்தாலும் இரண்டு டிராலி தொடப்படாமல் நின்றால், ஓர் அட்டையை எடுத்துவிட்டு சில வாரம் கவனியுங்கள்.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் ஸ்பெஷல் மாடல் பாகங்களுக்கு இந்த அட்டை வேண்டாம். அவற்றை ஆர்டர் வந்த பிறகு வாங்கினால் போதும்.