அரை லீட்டர் தண்ணியும் 44 வீதமும்

கல்கிசையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸின் குசினியில், பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. "சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் 500 மி.லீ. தண்ணி. 44 வீதம் கூடுதலாக மெலியலாம். ஆராய்ச்சி." எங்களோடு இருக்கிற ஒருத்தி வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து எழுதி ஒட்டினது. அவளுக்கு வயது 22. அக்காவின் கலியாணத்துக்கு மூன்று மாசம் இருந்தது. சாறி பிளவுஸ் அளவெடுக்கப் போன இடத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள்.

இரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தாள். அரை போத்தல் தண்ணி, பிறகு சோத்துப் பார்சலில் பாதி. பின்னேரம் நாலு மணிக்குப் பசி தாங்காமல் காலி வீதிக்கு இறங்கி இரண்டு ரோல்ஸ். ராவுக்கு அழுகை. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையடி. தண்ணி குடிச்சாப் பசிக்காது எண்டு ஆராய்ச்சியே சொல்லுது. எனக்கு மட்டும் பசிக்குது."

இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குப் பசித்ததில் ஒரு பிழையும் இல்லை. எங்களில் யாரும் விஞ்ஞானம் படிக்கிற ஆட்கள் இல்லை, கலைப்பீடம்தான். ஆனால் ஒரு வசனம் எங்கிருந்து வந்தது, யாரைப் பற்றிச் சொன்னது, எதை வெட்டிவிட்டுச் சொன்னது என்று தேடிப் பார்ப்பதுதானே எங்கட படிப்பு. தேடினோம்.

அந்த 44 வீதம் உண்மையான எண்தான். அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா டேவியின் குழு செய்து, 2010இல் வெளிவந்த ஆய்வு அது. 48 பேர். எல்லோரும் 55 வயதுக்கும் 75 வயதுக்கும் இடைப்பட்டவர்கள், எல்லோரும் உடற்பருமன் கூடியவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, 12 கிழமைக்கு இரண்டு குழுவுக்கும் குறைந்த கலோரி உணவுத் திட்டம் கொடுத்தார்கள். பெண்களுக்கு நாளுக்கு 1200 கலோரி, ஆண்களுக்கு 1500. ஒரு குழு மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லீட்டர் தண்ணீர் குடித்தது. முடிவில் தண்ணீர் குடிக்காதவர்கள் ஏறக்குறைய 5 கிலோ குறைந்திருந்தார்கள், குடித்தவர்கள் 7 கிலோ.

வித்தியாசம் 2 கிலோ. 12 கிழமையில். அந்த 2 கிலோவை மற்றக் குழுவின் இழப்போடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் 40 சொச்ச வீதம் வரும். கவனியுங்கள், அந்த 5 கிலோவைக் குறைத்தது தண்ணீர் அல்ல, சாப்பாட்டைக் குறைத்தது. தண்ணீர் அதன்மேல் கொஞ்சம் சேர்த்தது. "44 வீதம்" என்று மட்டும் எழுதினால் எதனுடைய 44 வீதம் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. பார்வேர்ட் பண்ணுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

அதே ஆய்வுக்குள் இன்னொரு சிறிய எண் இருக்கிறது, அதை யாரும் பார்வேர்ட் பண்ணுவதில்லை. தொடக்கத்தில் பங்கேற்றவர்களை ஆய்வுகூடத்தில் இருத்தி, விரும்பிய அளவு சாப்பிடவிட்டு அளந்தார்கள். தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டபோது சராசரி 541 கலோரி. குடித்துவிட்டுச் சாப்பிட்டபோது 498. குறைந்தது 43 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரி வரை இருக்கும். ஆக, அரை லீட்டர் தண்ணியின் முழுப் பலமும் ஒரு பிளேன்ரீயில் நாங்கள் போடுகிற இரண்டரைக் கரண்டி சீனிதான். சோறாகப் பார்த்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 12 கிழமை கழித்துத் திரும்ப அளந்தபோது அந்த வித்தியாசமும் 26 கலோரியாகச் சுருங்கி, தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

இனி எங்கட வயதுக்கு வருவோம். 2010 ஆய்வுக்கு ஏன் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்தார்கள்? அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2007இல் வந்த ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. அதில் 21 முதல் 35 வயதுவரையான இளையவர்களையும், 60 முதல் 80 வயதுவரையான மூத்தவர்களையும் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு தண்ணீர் கொடுத்தார்கள். மூத்தவர்கள் சராசரியாக 58 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இளையவர்கள் தண்ணீர் குடித்த நாளிலும் குடிக்காத நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பே இதைத்தான் சொல்கிறது: மூத்தவர்களில் குறைகிறது, இளையவர்களில் இல்லை. எங்கட குசினிக் கடதாசியில் எழுதியிருந்த அதே "அரை மணித்தியாலம் முன்", 22 வயதுக்காரியின் வயதில் சோதிக்கப்பட்டு, வேலை செய்யவில்லை என்று 2007இலேயே பதிவாகிவிட்டது.

காரணம் இரைப்பையில் இருக்கிறது. தண்ணீரில் சமிக்க ஒன்றும் இல்லை, அதனால் இரைப்பை அதைப் பிடித்து வைத்திருப்பதில்லை. குடித்த தண்ணியில் பாதி 10, 20 நிமிடத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும். அரை மணித்தியாலம் கழித்து நீங்கள் சோத்துப் பார்சலைப் பிரிக்கும்போது வயிற்றில் பெரிதாக ஒன்றும் மிச்சமிராது. வயது போகப் போக இரைப்பை காலியாகும் வேகம் குறைவதால் மூத்தவர்களுக்கு அந்த நிறைவு கொஞ்ச நேரம் கூட நிற்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்.

அப்போ சாப்பிடுவதற்குச் சற்று முன்பே குடித்தால்? நியாயமான கேள்வி. அதையும் சோதித்திருக்கிறார்கள். 2016இல் வந்த ஒரு பிரித்தானிய ஆய்வில் 14 மெலிந்த இளைஞர்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு உடனே முன்னால் 568 மி.லீ. தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சாப்பிட்டார்கள். எங்கட வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், ஆனால் மறைக்க மாட்டோம். வயிறு உப்பியிருக்கும்போது கை மெதுவாகப் போகும், அது உண்மை. ஆனால் அது ஒரு காலைச் சாப்பாட்டை வைத்துச் சொன்ன கதை. ஒரு வேளை குறைவாகச் சாப்பிடுவதும் மாதக்கணக்கில் எடை குறைவதும் வேறு வேறு விஷயம். இடையில் நாலு மணி ரோல்ஸ் இருக்கிறது.

மாதக்கணக்கில் பார்த்த ஆய்வு பேர்மிங்ஹாமில் இருந்து 2015இல் வந்தது. உடற்பருமன் கூடிய 84 பேர், 12 கிழமை. ஒரு குழு மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் அரை லீட்டர் தண்ணீர் குடித்தது. மற்றக் குழுவை, வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை பண்ணச் சொன்னார்கள். சிரிக்காதீர்கள், இது நல்ல யோசனை. தண்ணீருக்கு டம்மி குளிசை கிடையாது. சாப்பிட முன் நின்று யோசிக்கிற பழக்கமே எடையைக் குறைக்கலாம் என்பதால், இரண்டு குழுவுக்கும் செய்ய ஒன்று கொடுத்தார்கள். தண்ணீர்க் குழு 1.3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. கிழமைக்கு 100 கிராம் சொச்சம். இந்தக் கணக்கின் நிச்சயமின்மையையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: உண்மையான பலன் 2.4 கிலோவாகவும் இருக்கலாம், 100 கிராமாகவும் இருக்கலாம். அரை லீட்டர் தண்ணியே அரைக் கிலோ. குடித்துவிட்டுத் தராசில் ஏறினால் ஐந்து கிழமைப் பலன் அந்த இடத்திலேயே மறைந்துவிடும்.

பத்திரிகைகள் இந்த ஆய்விலிருந்து வேறொரு எண்ணைப் பிடித்துக்கொண்டன. மூன்று வேளையும் தவறாமல் குடித்ததாகச் சொன்னவர்கள் 4.3 கிலோ குறைந்தார்கள், ஒரு வேளை குடித்தவர்களும் குடிக்காதவர்களும் 0.8 கிலோ. பெரிய வித்தியாசம்தான். ஆனால் இங்கே ஆட்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, அவர்களாகவே பிரிந்தார்கள். 12 கிழமை மூன்று வேளையும் தவறாமல் தண்ணி குடிக்கிற ஆள், சாப்பாட்டிலும் நடையிலும் அதே ஒழுங்கோடுதான் இருந்திருப்பார். குறைத்தது தண்ணியா ஒழுங்கா என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது.

தண்ணீரைவிடச் சுவாரசியமான ஒன்றும் கிடைத்தது. பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு. 24 பெண்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நாள் கோழியும் சோறும் சேர்ந்த கறி, ஒரு நாள் அதே கறியோடு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், ஒரு நாள் அதே கறியில் அதே தண்ணீரை ஊற்றிக் காய்ச்சிய சூப். பொருட்களும் அளவும் ஒன்றுதான். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. சூப் குடித்த நாளில் அதற்குப் பிறகு வந்த சாப்பாட்டில் சுமார் 100 கலோரி குறைந்தது. தண்ணீர் உணவுக்குள் கலந்திருந்தால் வயிறு அதை உணவாகக் கணக்கெடுக்கிறது போல. எங்கட அம்மம்மாமார் காய்ச்சுகிற இலைக்கஞ்சிக்கு ஏன் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று எங்களுக்கு இப்போதான் ஓரளவு விளங்குகிறது. ஆனால் வழமையான சாப்பாட்டுக்கு மேலால் கஞ்சியும் குடித்தால் அது கூடுதல் கலோரிதான், குறைவு இல்லை.

ஆக, தண்ணி குடிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சோடாவுக்கோ நெக்டோவுக்கோ பதிலாகத் தண்ணி குடித்தால் அது உண்மையான குறைப்பு, ஏனென்றால் அங்கே சீனி போகிறது. 60 வயது தாண்டி, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டிருக்கிற ஒரு மாமாவுக்கு அரை லீட்டர் தண்ணி கொஞ்சம் உதவலாம். ஆனால் அந்த வயதில்தான் இருதயம், சிறுநீரகம் என்று டொக்டர் தண்ணியையே அளந்து குடிக்கச் சொல்லியிருப்பார். அவர்களுக்கு இந்தக் கடதாசியை அனுப்ப முதல் அதைக் கேளுங்கள். அரை லீட்டர் வேலை செய்யவில்லையே என்று இரண்டு லீட்டரை ஒரே மூச்சில் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரத்தத்தில் உப்பு ஐதாகித் தலையிடி, வாந்தி, மயக்கம் என்று அது ஆபத்தில் போய் முடியலாம்.

எங்களுக்குக் கோபம் வேறொன்றில். 2022இல், இதே நாட்டில் 63 லட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சொன்ன வருசத்தில், தண்ணியைக் குடித்துவிட்டு லெக்சருக்குப் போன பிள்ளைகள் எங்கட வகுப்புகளில் இருந்தார்கள். தண்ணி பசியை ஆற்றாது என்று அவர்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். அதே வெறும் தண்ணியை இன்று எங்கட வயதுப் பெண்களிடம் "ஆராய்ச்சி" என்று நீட்டுகிறார்கள். பலிக்காதபோது பழி தண்ணிக்கு இல்லை, குடித்தவளுக்கு.

பிரிட்ஜில் இருந்த கடதாசியை அவளே கிழித்தாள். அன்றைக்கு மத்தியானம் பார்சலை முழுசாகச் சாப்பிட்டாள். நாலு மணிக்கு ரோல்ஸ் வாங்கப் போகவில்லை. பசிக்கவில்லையாம்.