வகுப்பறையில் நடந்தது என்ன?
பாடத்தைப் பார்த்தவர் ஆசிரியருக்கு என்ன சொல்ல வேண்டும்?

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு காலத்தில் ஊரே பரபரப்பாகும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பிள்ளைகள் தலைவாரிப் பொட்டு வைத்து வருவார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு கேள்வி கேட்பார். "திருப்தி" என்று நோட்டில் எழுதுவார். போய்விடுவார்.

அந்த "திருப்தி"யால் ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. எது நன்றாக இருந்தது? எதை மாற்ற வேண்டும்? இரண்டுக்கும் அதில் பதில் இல்லை.

இன்று நிலைமை மாறி இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை அது நடந்தது. 2023-இல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக் கற்றுக் கொடுப்பது இத்திட்டம். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பள்ளிகளிலும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்கிறார்கள்.

பாடத்தைக் கவனித்தால் மட்டும் போதாது. கவனித்ததை ஆசிரியருக்கு உதவும்படி சுருக்கிச் சொல்ல வேண்டும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

பார்த்தது வேறு, நினைத்தது வேறு

பாடத்தை ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்து வைத்தால் ஒரு வசதி உண்டு. மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் சொன்ன சொல் அப்படியே இருக்கும்.

பதிவைப் பார்ப்பவர் முதலில் தீர்ப்பு எழுதக் கூடாது. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். எந்த நிமிடம், யார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்று குறிக்க வேண்டும்.

"பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள்" என்று எழுதுவது நினைப்பு. "எட்டாவது நிமிடத்தில் 24 பேரில் 20 பேர் குச்சியைக் கையில் எடுத்து எண்ணினார்கள்" என்று எழுதுவது பார்த்தது. முன்னதை ஆசிரியர் மறுக்கலாம். பின்னதை மறுக்க முடியாது.

ஒரு கணக்குப் பாடம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பு. 24 பிள்ளைகள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. 40 நிமிடப் பாடம் பதிவாகி இருக்கிறது.

நான்காவது நிமிடம். ஆசிரியை தென்னை ஈர்க்குச்சிகளை எடுக்கிறார். பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருக்கிறார். 52-க்கு ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதிலிருந்து 27 போக வேண்டும்.

"ரெண்டு குச்சியிலிருந்து ஏழு குச்சி எப்படி எடுக்கறது?" என்று கேட்கிறார். ஒரு கட்டைப் பிரிக்கிறார். இப்போது நாலு கட்டு, 12 குச்சி. அதில் ஏழு போனால் ஐந்து. நாலு கட்டில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. பிறகு பிள்ளைகளும் இருவர் இருவராகச் செய்து பார்க்கிறார்கள்.

அடுத்து கேள்வி கேட்கிறார். பதிவில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 31 கேள்வி. அதில் 22-க்கு முன்வரிசையில் இருக்கும் ஐந்து பிள்ளைகளே பதில் சொல்கிறார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை.

26-ஆவது நிமிடம். பின்வரிசைப் பையன் ஒருவன் 52-27 என்பதற்கு 35 என்று எழுதி இருக்கிறான். ஆசிரியை அதை அடித்து 25 என்று எழுதுகிறார். பையன் தலையாட்டுகிறான். அடுத்த கணக்கு 63-28. அவன் 45 என்று எழுதுகிறான். சரியான விடை 35.

பையன் ஏனோதானோ என்று எழுதவில்லை. அவனிடம் ஒரு கணக்கு வழி இருக்கிறது. எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறான். ஏழிலிருந்து இரண்டு, எட்டிலிருந்து மூன்று! விடையைத் திருத்தினால் அந்த வழி திருந்தாது.

நல்லதும், மாற்ற வேண்டியதும்

இதை எப்படிச் சுருக்குவது? "நன்றாக நடத்தினார். பின்தங்கிய மாணவர்களைக் கவனிக்கவும்" என்று எழுதினால் பயன் இல்லை. அதை எந்த ஆசிரியருக்கும் எழுதலாம். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் வேறு வகுப்புக்கும் பொருந்தும் வரியை அடித்துவிட வேண்டும்.

நல்லது இப்படி எழுதப்பட வேண்டும்: "கட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். கடன் வாங்குவது என்றால் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக்குவது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். இதை விடாதீர்கள்." செய்த காரியமும் அதன் பலனும் இதில் இருக்கின்றன.

யோசனையும் அப்படியே: "26-ஆவது நிமிடத்தில் 35 என்ற விடையைத் திருத்தினீர்கள். அடுத்த கணக்கிலும் அதே தவறு வந்தது. அடுத்த முறை திருத்துவதற்கு முன், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். குச்சியை அவன் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்."

இரண்டாவது யோசனை கேள்வி பற்றியது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்பறை ஒலிநாடாக்களைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள்! மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ஆகவே, கேள்வியைக் கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணி, பிறகு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

நல்லது இரண்டு, யோசனை இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பத்து யோசனை சொன்னால் ஆசிரியர் ஒன்றையும் செய்யமாட்டார். இரண்டிலும் எதை முதலில் எடுப்பது என்பதை ஆசிரியையே சொல்லட்டும்.

"டீச்சர், அந்தப் பையன் ரெண்டாவது கணக்கு போட்டதை ஒருதடவை பாருங்க" என்று பயிற்றுநர் பதிவைக் காட்டினால் போதும். "அட, மறுபடியும் அதேதானுங்க செஞ்சிருக்கான்!" என்று ஆசிரியை தாமே கண்டுகொள்வார். பிறர் சொல்லிக் கேட்பதைவிட அது நிற்கும்.

பதிவு காட்டாதது

பதிவுக்கும் எல்லை உண்டு. செல்போன் ஒரு மூலையில் இருந்தால் எதிர்மூலை தெரியாது. பின்வரிசையின் மெல்லிய பேச்சு கேட்காது. "பின்வரிசை பேசவில்லை" என்று எழுதுமுன் அதை யோசிக்க வேண்டும்.

ஆசிரியரின் குரல் கணீரென்று இருந்தால் எல்லாமே நன்றாக இருந்ததுபோலத் தோன்றும். அதற்கு மருந்து எண்ணிக்கைதான். எத்தனை கேள்வி, எத்தனை பேர் பதில் என்று எண்ணினால் மயக்கம் தெளியும்.

ஒரே ஒரு பாடத்தை வைத்து ஓர் ஆசிரியரை எடை போடவும் கூடாது. வேறு நாளில், வேறு ஒருவரும் பார்த்தால்தான் நம்பலாம். பிள்ளைகளின் முகம் பதிவாவதால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதிவு வெளியே போகவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் குறிப்பு தண்டிப்பதற்கு என்று ஆசிரியர் நினைத்துவிட்டால் காரியம் கெட்டது. அதிகாரி வரும் நாளைக்கென்று ஒரு பாடத்தை ஒத்திகை பார்த்து வைப்பார். பழைய இன்ஸ்பெக்டர் காலம் திரும்பிவிடும்.

குறிப்பு நல்ல குறிப்பா என்று அறிய ஒரே சோதனைதான். சில வாரம் கழித்து அதே வகுப்புக்குப் போக வேண்டும். பின்வரிசைப் பையனிடம் 71-46 என்ற கணக்கைக் கொடுக்க வேண்டும். அவன் 35 என்று எழுதினால் பழைய வழி போகவில்லை. 25 என்று எழுதி, கட்டை எப்படிப் பிரித்தான் என்றும் சொன்னால், குறிப்பு வேலை செய்திருக்கிறது.