கட்டணமில்லையாம்! நம்பலாமா?

பத்தாங் காலியில் சம்பள வாரம் பிறந்தால் பணம் அனுப்பும் கடைகளுக்குத் திருவிழா! "கட்டணமில்லை" என்று பலகை தொங்கும் கடை முன்னால்தான் நம் தோழர்கள் வரிசை பிடிக்கிறார்கள். தோழர்களே, கடைக்காரர் என்ன தர்மச் சத்திரமா நடத்துகிறார்? கட்டணத்தில் விட்டதை அவர் மாற்று விலையில் பிடித்துக்கொள்கிறார்.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். சந்தையில் ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் 1,000 வெள்ளி இருக்கிறது. கட்டணமில்லாக் கடை வெள்ளிக்கு 19 ரூபாய் 40 காசு தருகிறது. ஊரில் விழுவது 19,400 ரூபாய். அதாவது 600 ரூபாய், நம் பணத்தில் 30 வெள்ளி, சத்தமில்லாமல் போயிற்று! அடுத்த கடை வெளிப்படையாக 10 வெள்ளி கட்டணம் கேட்கிறது. ஆனால் விலை 19 ரூபாய் 90 காசு. மீதி 990 வெள்ளிக்கு ஊரில் விழுவது 19,701 ரூபாய். எது மலிவு?

அவசரப்பட்டு அந்தக் கடைக்கே ஓடிவிடாதீர்கள். அங்கே வாரம் 250 வெள்ளியாக நான்கு முறை அனுப்பினால் கட்டணமே 40 வெள்ளி. அப்போது ஊருக்குப் போவது 19,104 ரூபாய்தான். பலகைக் கடையே மேல் என்றாகிவிடும். ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "கட்டணம் உட்பட ஆயிரம் வெள்ளி தருகிறேன், வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்று ஒரே நேரத்தில் இரண்டு கடையில் கேளுங்கள். சந்தை விலையைப் பேங்க் நெகாராவின் இணையப் பக்கத்தில் பார்த்துச் சொல்லக் கிராணிமார்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.

விலை ஏறட்டும் என்று காத்திருக்கலாமா? 1966 ஜூன் 6-இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒன்றரை ரூபாய்ச் சொச்சம் பெற்ற நம் வெள்ளி, இரண்டரை ரூபாயை நெருங்கியது. முந்தின வாரம் அனுப்பியவருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் முன்கூட்டி யாருக்குத் தெரியும்? காத்திருக்கும் நாளில் ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கினால், ஏறிய காசை வட்டிக்காரன் விழுங்கிவிடுவான். நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. சனி, ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை எப்படியிருக்குமோ என்று சில கடைகள் அன்று கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாரநாள் பிற்பகலிலேயே போய் வாருங்கள்.

உண்டியல்காரன் நல்ல விலை சொல்வான். பணம் போய்ச் சேராவிட்டால் அவனிடம் காட்ட ரசீது ஏது? உரிமம் பெற்ற கடையில் ரசீது வாங்குங்கள். அதில் எழுதிய ரூபாயும் ஊர்ப் பாஸ்புக்கில் ஏறிய ரூபாயும் ஒன்றுதானா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் அந்தப் பக்கத்து வங்கி பிடித்திருக்கலாம். அதையும் சேர்த்தே அடுத்த மாதம் கடைகளை ஒப்பிட வேண்டும்.